பில்டர் வீட்டைத் தாமதித்தால்: வாடகையை மட்டும் கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள்

என் தம்பி தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு புக் செய்திருக்கிறான். சாவி கைக்கு வர வேண்டிய நாள் தாண்டி 14 மாதம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பில்டருக்கு அனுப்பப்போகும் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒன்றரைப் பக்கம். "மனசாட்சி" என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது, தேதி ஓர் இடத்தில்கூட இல்லை. கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: "நான் மாதாமாதம் கட்டும் வாடகை 18,000 ரூபாயையாவது நீங்கள் தர வேண்டும்."

அந்த 'யாவது'தான் என்னை உறுத்தியது. சட்டப்படி அவனுக்கு வர வேண்டியது அதைப் போல மூன்று மடங்கு. குறைந்ததைக் கேட்கிறோம், பில்டர் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார் என்று அவன் நினைத்தான். உண்மையில் தன் உரிமையைத் தானே மூன்றில் ஒன்றாகக் குறைத்து எழுத்தில் கொடுக்கப் பார்த்தான்.

இந்த விஷயத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "ரெராவில் போட்டால் வாடகை வாங்கித் தந்துவிடுவார்கள்" என்பார் ஒருவர். "ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் என்று கையெழுத்துப் போட்டாச்சு, அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்காது" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி சரி. எது எங்கே பொருந்தும் என்று தெரிந்தால் கடிதம் தானாக அமைந்துவிடும்.

## வேன் வராத கல்யாணம்

குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக ஒரு வேன் பேசுகிறீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. அன்று காலை வேன் வரவில்லை. இரண்டு ஆட்டோ பிடித்துப் போகிறீர்கள்.

உங்களுக்கு இரண்டு நஷ்டம். ஒன்று, வேன்காரரிடம் உங்கள் பணம் சும்மா கிடக்கிறது. அதை வைத்து அவர் வேறு வேலை பார்த்துக்கொள்கிறார். இன்னொன்று, ஆட்டோவுக்கு உங்கள் பையிலிருந்து தனியாகப் போன காசு. முதல் நஷ்டத்துக்கு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டாம். பணம் கொடுத்த ரசீதும், வேன் வர வேண்டிய தேதியும் இருந்தால் போதும். இரண்டாவதற்கு நீங்கள்தான் காட்ட வேண்டும்: ஆட்டோவில் போனது உண்மையா, எவ்வளவு கொடுத்தீர்கள், வேன் வந்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காதா?

வீட்டுக்கும் இதே கதைதான். பில்டரிடம் நீங்கள் கொடுத்து வைத்த பணத்துக்கு, தாமதமான ஒவ்வொரு மாதமும் அவர் தர வேண்டியது தாமத வட்டி. தாமதத்தால் உங்கள் பையிலிருந்து போனதற்கு, அதாவது வாடகை மாதிரியான செலவுக்கு, நீங்கள் நிரூபித்துப் பெற வேண்டியது இழப்பீடு. சட்டமும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. விசாரிக்கும் அதிகாரிகள்கூட வேறு வேறு.

சுருக்கமாக: வட்டி என்பது அவரிடம் கிடக்கும் பணத்துக்கு. வாடகை என்பது நீங்கள் செலவழித்த பணத்துக்கு. கடிதத்தில் இரண்டையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது.

## தாமதம் எந்த நாளில் தொடங்குகிறது?

தொகைக்குப் போகும் முன் தேதி. இது தவறினால் எல்லாக் கணக்கும் தவறும்.

ரெரா என்று நாம் சொல்வது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 18-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தேதிக்குள் வீட்டை ஒப்படைக்காவிட்டால் என்ன என்பதைச் சொல்கிறது. கவனிக்க வேண்டியது 'ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தேதி' என்பதை. விளம்பரத்தில் வந்த தேதி, விற்பனைப் பிரதிநிதி வாயால் சொன்ன தேதி எல்லாம் அடுத்த வரிசையில்தான்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு காகிதம் இருக்கும். மனையில் உங்கள் பங்குக்கான கிரயப் பத்திரம் ஒன்று. யூடிஎஸ் என்கிறோமே, அது. இன்னொன்று கட்டுமான ஒப்பந்தம். ஒப்படைப்புத் தேதி இரண்டாவதில் இருக்கும். தம்பி முதல் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு "தேதியே போடல அண்ணா" என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

பல ஒப்பந்தங்களில் நாள் நேராக எழுதப்பட்டிருக்காது. "கையெழுத்தான நாளிலிருந்து 24 மாதம், அதற்கு மேல் 6 மாதம் கிரேஸ் பீரியட்" என்றிருக்கும். கிரேஸ் பீரியட் என்பது தவறினாலும் பொறுத்துக்கொள்வதாக நீங்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட காலம். தம்பியின் ஒப்பந்தம் 2022 மார்ச் 10-இல் கையெழுத்தானது. 24 மாதம் கூட்டினால் 2024 மார்ச் 10. கிரேஸும் சேர்த்தால் 2024 செப்டம்பர் 10. கிரேஸ் தானாகவே கிடைப்பதா, தக்க காரணம் இருந்தால் மட்டும் கிடைப்பதா என்று வாசகத்தைப் பார்த்து வாதாடலாம். ஆனால் முதல் கடிதத்தில் அந்தச் சண்டை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கிரேஸ் முடிந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் அந்தத் தேதியை யாராலும் மறுக்க முடியாது.

இங்கே பில்டர் தரப்பு வழக்கமாக ஒன்று சொல்லும்: "ரெராவில் திட்டத்துக்குக் கால நீட்டிப்பு வாங்கியிருக்கிறோம் சார், 2026 வரை இருக்கிறது." அந்த நீட்டிப்பு, பில்டருக்கும் ரெரா ஆணையத்துக்கும் நடுவே இருக்கும் பதிவைப் பற்றியது. உங்களோடு போட்ட ஒப்பந்தத்தின் தேதியை அது மாற்றாது. மும்பை உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே, தாமதம் ஒப்பந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும் என்று சொல்லிவிட்டது.

அடுத்த பதில், "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்." சட்டம் பதிவை நீட்டிக்க ஏற்றுக்கொள்ளும் பேரிடர்களின் பட்டியல் சின்னது: போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், அதுபோன்ற இயற்கைச் சீற்றம். எம்-சாண்ட் விலை ஏறியதும், ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வராததும் அந்தப் பட்டியலில் இல்லை. வெள்ளம் என்று சொன்னால், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வேலை நின்றது என்று எழுத்தில் கேளுங்கள். பத்து நாள் மழை பதினான்கு மாதத்தை விழுங்காது.

இதுவரை: கட்டுமான ஒப்பந்தத்தை எடுங்கள், கிரேஸைக் கூட்டுங்கள், வரும் நாளை வட்டமிடுங்கள். தம்பிக்கு அது 2024 செப்டம்பர் 10. கடிதம் எழுதியது 2025 நவம்பர் 10. தாமதம் 14 மாதம்.

## ஒரே தாமதம், மூன்று தொகை

தம்பியின் வீடு 1,050 சதுர அடி. மொத்த விலை 64 லட்சம். அதில் 58 லட்சத்தைத் தவணைத் தவணையாக 2024 ஆகஸ்டுக்குள் கட்டிவிட்டான். மீதி 6 லட்சம் சாவி வாங்கும்போது.

முதல் தொகை, பில்டர் ஒப்பந்தத்தில் எழுதி வைத்தது. தாமதமானால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். 1,050 சதுர அடிக்கு மாதம் 5,250. பதினான்கு மாதத்துக்கு 73,500.

இரண்டாவது, தம்பி கேட்க நினைத்தது. வாடகை மாதம் 18,000. பதினான்கு மாதத்துக்கு 2,52,000.

மூன்றாவதுதான் அவனுக்குத் தெரியாமல் இருந்தது. வீடு வேண்டாம் என்று விலகாமல் காத்திருப்பவருக்கு, ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி தர வேண்டும் என்கிறது 18-ஆவது பிரிவு. விகிதத்தை மாநில விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் அது பாரத ஸ்டேட் வங்கியின் உச்சபட்ச எம்சிஎல்ஆர், அதோடு 2 சதவீதம். எம்சிஎல்ஆர் என்பது வங்கி தன் நிதிச் செலவை வைத்துக் கணக்கிட்டு, கடனுக்கு அடிமட்டமாக வைத்துக்கொள்ளும் வட்டி விகிதம். வங்கியின் இணையதளத்தில் ஒரு நாள், ஒரு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதில் எது உச்சமோ அதை எடுக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாண்டு வரிசைதான். கணக்கு புரிவதற்காக 9 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதும் நாளில் எவ்வளவு என்று பார்த்துப் போடுங்கள்.

9-உம் 2-உம் 11. 58 லட்சத்துக்கு ஆண்டுக்கு 6,38,000 ரூபாய். மாதத்துக்கு 53,166. பதினான்கு மாதத்துக்கு 7,44,333.

ஒரே தாமதத்துக்கு மாதம் 5,250, 18,000, 53,166. இந்த மூன்றையும் ஒரு தாளில் கீழே கீழே எழுதிக் காட்டியதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப வாடகைய மட்டும் கேட்டா அவங்க ஏன் மாட்டேன்னு சொல்லப்போறாங்க" என்று கேட்டான். பதில் அந்தத் தாளிலேயே இருந்தது.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம். கெடு தாண்டிய பிறகு ஏதாவது தவணை கட்டியிருந்தால், அந்தத் தொகைக்கு வட்டி, கட்டிய நாளிலிருந்துதான். எல்லாப் பணத்துக்கும் கெடு நாளிலிருந்தே போட்டால் பில்டரின் கணக்கர் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கும் தவறு என்பார். மறுபக்கம், நீங்கள் தவணை தாமதித்த நாட்களுக்கு அவரும் வட்டி கேட்பார். இரண்டு பேருக்கும் ஒரே விகிதம்தான் என்று சட்டமே சொல்கிறது. உங்களிடம் 18 சதவீதம் வாங்கிக்கொண்டு உங்களுக்கு 5 ரூபாய் என்பது நடக்காது.

"கையெழுத்துப் போட்டாச்சே, ஐந்து ரூபாய் என்று?" உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ஒரு வழக்கில், பில்டர் தனக்கு மட்டும் சாதகமாக எழுதி நீட்டிய ஒப்பந்த வாசகம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்றது. 2020 ஆகஸ்டில் பெங்களூரு அடுக்குமாடி ஒன்றைப் பற்றிய வழக்கில், ஒப்பந்தப்படி சதுர அடிக்கு 5 ரூபாய் கொடுத்தது போதாது, அதற்கு மேல் ஆண்டுக்கு 6 சதவீதமும் தர வேண்டும் என்றது. ஒப்பந்தத்தில் எழுதிய ஐந்து ரூபாயோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை.

## அப்படியானால் வாடகை?

கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்து கேட்க வேண்டும்.

சட்டத்தின் வாசகத்தில் ஓர் இக்கட்டு இருக்கிறது. வீடே வேண்டாம் என்று விலகுபவருக்குக் கட்டிய பணம், வட்டி, இழப்பீடு மூன்றையும் 18-ஆவது பிரிவின் முதல் பகுதி பெயர் சொல்லித் தருகிறது. காத்திருப்பவருக்கு அதே இடத்தில் மாத வட்டி மட்டும்தான் சொல்லியிருக்கிறது. காத்திருப்பவர் வாடகை கேட்டால், "வட்டி வாங்குகிறாரே, அதிலேயே வாடகை அடங்கிவிட்டது" என்று பில்டரின் வக்கீல் எழுந்து நிற்பார். பில்டர் தன் மற்றக் கடமைகளில் தவறினால் இழப்பீடு உண்டு என்ற அதே பிரிவின் மூன்றாவது பகுதியைக் காட்டி நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கிடைக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. வட்டிக்கு உள்ள பலம் வாடகைக்கு இல்லை.

அதனால்தான் கடிதத்தில் வட்டி முதலில், வாடகை இரண்டாவதாக, தனித் தலைப்பில். வாடகையை மட்டும் எழுதினால் நிச்சயமானதை விட்டுவிட்டு வழக்காட வேண்டியதை மட்டும் கேட்டதாகிவிடும்.

வாடகைக் கணக்கில் எல்லோரும் செய்யும் தவறு, வீடு புக் செய்த நாளிலிருந்து கட்டிய வாடகையைக் கூட்டிவிடுவது. தம்பியும் முதலில் ஏழு லட்சத்துக்கு மேல் ஒரு தொகை வைத்திருந்தான். 2024 செப்டம்பர் 10 வரை அவன் எப்படியும் வாடகை வீட்டில்தான் இருந்திருப்பான். அந்தக் காசுக்கும் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த நாளுக்குப் பிறகு கட்டியது மட்டுமே தாமதத்தால் வந்த செலவு.

ஆதாரம் எளிது, ஆனால் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரருக்கு வங்கி வழியாகப் போன பணத்தின் பட்டியல். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மாத ரசீதாவது வேண்டும். தம்பி முதல் நான்கு மாதம் வீட்டுக்கார அம்மாவுக்குக் கையில் கொடுத்திருந்தான். நல்ல வேளையாக அந்த அம்மா ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியும் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். அந்தப் பக்கங்களின் நகல்தான் கடிதத்தோடு போனது.

வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டியையும் சேர்த்துக் கேட்கலாமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன். தாமத வட்டி அதே பணத்துக்குத்தான் வருகிறது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பில் போட்டால் மற்ற கணக்கின் மேலும் சந்தேகம் விழும்.

இதுவரை: வட்டி உரிமை, ரசீதும் தேதியும் போதும். வாடகை இழப்பீடு, கெடுவுக்குப் பின் கட்டியது மட்டும், ஆதாரத்தோடு.

## 'உறுதியான தேதி' என்று எதைக் கேட்பது?

"எப்போது தருவீர்கள்?" என்று கேட்டால் "பொங்கலுக்குள்" என்று பதில் வரும். எந்த வருஷப் பொங்கல் என்பது அவருக்கே தெரியாது. அதைவிட மோசம், தேதி சரியாக வரும், வருவது வீடாக இருக்காது. பூச்சு காயாத சுவருக்குள் நிறுத்தி, "உள்வேலை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைக் கொடுப்பார்கள். தற்காலிக மின் இணைப்பு, லாரித் தண்ணீர், லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் பலகை. பில்டரின் புத்தகத்தில் அன்றைக்கு 'ஒப்படைப்பு' ஆகிவிடும், தாமதக் கணக்கும் அன்றோடு நின்றுவிட்டதாக எழுதிக்கொள்வார்.

அதனால் தேதி கேட்கும்போது அந்த நாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுத வேண்டும். அதில் முதலாவது பணி நிறைவுச் சான்றிதழ். அனுமதித்த வரைபடப்படிதான் கட்டியிருக்கிறார்கள் என்று திட்ட அனுமதி கொடுத்த அமைப்பு, சென்னைப் பகுதி என்றால் சிஎம்டிஏ, பார்த்துக் கொடுக்கும் காகிதம். இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு வாங்குவதில் சிக்கல் வரும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் நீட்டும் சாவியை முறையான ஒப்படைப்பு என்று உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

இன்னொன்று, கடைசித் தேதியை மட்டும் கேட்காமல் நடுவில் இரண்டு மூன்று படிகளுக்கும் தேதி கேளுங்கள். லிஃப்ட் பொருத்துவது எப்போது, மின்மாற்றி எப்போது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எப்போது. மின்மாற்றியே வராத கட்டடத்துக்கு அடுத்த மாதம் சாவி என்று எழுதினால், அந்த எழுத்தே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

## கடிதம்

தம்பியின் பெயர், விலாசங்களை எடுத்துவிட்டு அனுப்பிய கடிதத்தை அப்படியே தருகிறேன்.

> நாள்: 10.11.2025
>
> பொருள்: பி-304 குடியிருப்பு – ஒப்படைப்பில் 14 மாதத் தாமதம் – உறுதியான தேதியும் தாமத வட்டியும் இழப்பீடும் கோருதல்.
>
> ஐயா,
>
> 10.03.2022 அன்று நாம் செய்துகொண்ட கட்டுமான ஒப்பந்தத்தின்படி, கூடுதலாகத் தரப்பட்ட 6 மாதத்தையும் சேர்த்து, மேற்படி குடியிருப்பை 10.09.2024-க்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். இன்று வரை ஒப்படைக்கவில்லை. நான் இதுவரை 58,00,000 ரூபாய் செலுத்தியுள்ளேன். ரசீதுகளின் பட்டியல் இணைப்பு 1.
>
> நான் இத்திட்டத்திலிருந்து விலகவில்லை. எனக்கு வீடே வேண்டும்.
>
> 1. பணி நிறைவுச் சான்றிதழ், நிரந்தர மின் மற்றும் குடிநீர் இணைப்பு, இயங்கும் லிஃப்ட் ஆகியவற்றுடன் வீட்டை ஒப்படைக்கும் நாளைத் தேதி, மாதம், ஆண்டுடன் எழுத்தில் தெரிவிக்கவும். லிஃப்ட், மின்மாற்றி, சான்றிதழுக்கான விண்ணப்பம் ஆகியவற்றின் தேதிகளையும் தெரிவிக்கவும்.
>
> 2. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 18-இன்படி 10.09.2024 முதல் 10.11.2025 வரை தாமத வட்டி 7,44,333 ரூபாய் (கணக்கு இணைப்பு 2), அதன் பின் ஒப்படைக்கும் வரை மாதந்தோறும் வரும் வட்டி ஆகியவற்றைச் செலுத்தவும்.
>
> 3. தாமதத்தின் காரணமாக மேற்படி காலத்தில் நான் செலுத்திய வாடகை 2,52,000 ரூபாயை இழப்பீடாகத் தனியே கோருகிறேன். வாடகை ஒப்பந்தமும் செலுத்திய விவரமும் இணைப்பு 3.
>
> இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும். நீங்கள் தெரிவிக்கும் புதிய தேதி தகவலுக்காக மட்டுமே; அதனால் ஒப்பந்தத் தேதி மாறியதாகவோ, இதுவரை சேர்ந்த உரிமைகளை நான் விட்டுக்கொடுத்ததாகவோ ஆகாது.

இதில் இரண்டு வரிகளைக் கொஞ்சம் யோசித்துத்தான் போட்டோம்.

"விலகவில்லை" என்ற வரி இல்லாத கோபக் கடிதங்களில், "இல்லையென்றால் புக்கிங்கை ரத்து செய்துவிடுவேன்" என்று ஒரு மிரட்டல் இருக்கும். நிறைய ஒப்பந்தங்களில், வாங்குபவராக ரத்து செய்தால் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற வாசகம் உண்டு. உங்கள் மிரட்டலையே உங்கள் ரத்துக் கடிதமாக அவர் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிடும். உண்மையிலேயே விலக நினைத்தால் அது வேறு கடிதம், வேறு கணக்கு.

கடைசி வரி புதிய தேதியைப் பற்றியது. நாம்தான் தேதி கேட்கிறோம். அவர் "2026 ஏப்ரல்" என்கிறார், நாம் "சரி, நன்றி" என்று பதில் போடுகிறோம். பிறகு, "ஏப்ரல் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம், தாமதமே இல்லை" என்று வாதம் வரும். அந்த வாசலை அடைக்கத்தான் இந்த வரி.

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், அறிவிப்புகளை எந்த விலாசத்துக்கு, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். அங்கே அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வைத்துக்கொண்டு, அதே நாளில் மின்னஞ்சலும் செய்துவிட்டால் போதும். சைட் இன்ஜினியருக்கு வாட்ஸ்அப் அனுப்பியது கணக்கில் வராது. கடிதம் போன கையோடு தவணையை நிறுத்திவிடவும் வேண்டாம். ஒப்பந்தப்படி கெடு வந்த தவணையை நிறுத்தினால், அதுவரை சுத்தமாக இருந்த உங்கள் பக்கத்தில் ஒரு கறை விழும், அதற்கு வட்டியும் ஓடும்.

## பதில் வராவிட்டால்

பதினைந்து நாள் கழித்துப் போக வேண்டிய இடம் தமிழ்நாடு ரெரா ஆணையம். அங்கேயும் வேனும் ஆட்டோவும் தனித்தனிதான். தாமத வட்டிக்கு ஆணையத்திடம் படிவம் எம். வாடகை மாதிரியான இழப்பீட்டுக்குத் தீர்ப்பளிக்கும் அலுவலர் என்ற தனி அதிகாரியிடம் படிவம் என். இந்தப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தெளிவாக்கியது. ஒரே மனுவில் இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, வாடகைப் பகுதியை மட்டும் "வேறு இடத்தில் கேட்கவும்" என்று திருப்பி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. நுகர்வோர் ஆணையம் என்ற இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது அடைபடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். உத்தரவு கையில் வருவது வேறு, பணம் கணக்கில் வருவது வேறு. பில்டர் கட்டாவிட்டால் நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் அது கலெக்டர் அலுவலகம் வழியாகப் போகும் நீண்ட பாதை. அதனால்தான், இன்னும் 6 லட்சம் பாக்கி இருக்கும்போது, சாவி வாங்கும் முன்பே கணக்கைப் பேசித் தீர்ப்பது நல்லது என்கிறேன். அந்த 6 லட்சத்தில் வட்டியைக் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். நாமாகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டக் கூடாது.

## கையெழுத்துப் போடும் முன்

தம்பிக்குப் பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. 2026 ஏப்ரல் 30 என்று தேதி போட்டு, மின்மாற்றிக்கும் லிஃப்டுக்கும் மாதம் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். அதுவரை சரி. அடுத்த பத்தியில், "நல்லெண்ணத்தின் அடிப்படையில்" வாடகை 2,52,000 ரூபாயைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்வதாகவும், இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புமாறும் இருந்தது. படிவத்தின் நான்காவது வரி: "தாமதம் தொடர்பான அனைத்துக் கோரிக்கைகளுக்கும் இதுவே முழுமையான, இறுதியான தீர்வு."

அந்த வரியின் விலை, அன்றைய கணக்கில் ஏழரை லட்சத்துக்குப் பக்கம். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை மாதாமாதம் சேர்வது தனி. சாவி வாங்கும் நாளில் நீட்டும் ஒப்படைப்புக் கடிதத்திலும் இதே வரி வேறு சொற்களில் இருக்கும். அப்போது வீட்டுக்காரம்மாவிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது, வாசலில் சாமான் வண்டி நிற்கிறது, யாரும் நான்காவது வரியைப் படிக்க மாட்டார்கள். வீடு வேண்டுமென்றால் கோரிக்கையை விடு என்று வாங்குபவரை நெருக்குவது நியாயமில்லை என்று அந்த 2020 பெங்களூரு தீர்ப்பே பேசியிருக்கிறது. ஆனாலும், கையெழுத்துப் போட்டுவிட்டு அதை எதிர்த்து வாதாடுவதைவிட, போடாமல் இருப்பது சுலபம்.

தம்பி படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு வரிப் பதில்தான் போட்டான்: "வாடகையாக நீங்கள் தரச் சம்மதித்த 2,52,000 ரூபாயைக் கோரிக்கை 3-இன் கீழ், எதிர்ப்புடன், பகுதித் தொகையாக ஏற்கத் தயார். கோரிக்கை 2-இல் உள்ள தாமத வட்டிக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை."